தூண்டாமணி விளக்கு வாங்குமுன் விற்பவருக்கு எழுதும் கடிதம்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சங்கிலியில் தொங்கிய, எண்ணெய்ப் பறவை வைத்த தூண்டாமணி விளக்கு 2008 யுத்த இடப்பெயர்வோடு போய்விட்டது. இப்போது வவுனியாவில் ஒருவர் பழைய வெண்கலத் தூண்டாமணி ஒன்று இருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார். “வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் காலத்துச் சாமான், ஒரு பழைய குடும்பத்தின் சாமியறையில் தொங்கியது” என்கிறார். விலை ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா. சபையின் காசு என்பதால் விபரத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறார்கள். கடிதத்தில் என்னென்ன கேட்கவேண்டும்?
— கோயில் பரிபாலன சபைச் செயலாளர் ஒருவர், மாங்குளம்

பதில்:

கடிதத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விற்பவருக்கு இன்றைக்கே தொலைபேசி எடுத்து, விளக்கைக் கழுவவோ புளி போட்டு மினுக்கவோ வேண்டாம், இருக்கிறபடியே விட்டுவையுங்கள் என்று சொல்லுங்கள். வாங்க ஆள் வந்துவிட்டது என்றதும் நல்ல எண்ணத்தோடுதான் பலர் தேய்த்து வைக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு விடை அந்த அழுக்கிலும் களிம்பிலும்தான் இருக்கிறது. ஒரு தரம் தேய்த்துவிட்டால் அது திரும்ப வராது.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கோயில் விளக்கு, மணி, தீபத்தட்டு என்று உலோகச் சாமான்களைத் திருத்திப் பராமரித்து வருகிறேன். வாங்குபவர்கள் எழுதும் கடிதங்களில் நான் காணும் குறை ஒன்றுதான். சாமான் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு கேள்வியாகவும், எப்படி இருக்கிறது என்பதை வேறொரு கேள்வியாகவும் கேட்டுவிட்டு, இரண்டு பதிலையும் தனித்தனியாக நம்பிவிடுகிறார்கள். வந்த கதை உண்மையென்றால் அதன் அடையாளம் உலோகத்தில் இருக்கும். இல்லையென்றால் கதையில் எங்கோ ஓட்டை. வன்னியில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடும் கேள்வி ஒன்று உண்டு: இடப்பெயர்வின்போது இந்த விளக்கு எங்கே இருந்தது?

கடிதத்தை இப்படி எழுதலாம். உங்கள் சபைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கேள்விகளின் வரிசையை மாற்றவேண்டாம்.

“மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் படம் அனுப்பிய தூண்டாமணி விளக்கை எங்கள் கோயிலுக்கு வாங்க விரும்புகிறோம். சபையில் வைத்து முடிவெடுப்பதற்காகக் கீழுள்ள விபரங்களை எழுத்தில் தந்து உதவுங்கள்.

இந்த விளக்கு உங்கள் கைக்கு எந்த ஆண்டில், யாரிடமிருந்து வந்தது? அவரிடம் அது எப்படி வந்தது? முதலில் எந்த ஊரில் எரிந்தது, வீட்டிலா கோயிலிலா? 2008, 2009 இடப்பெயர்வுக் காலத்தில் விளக்கு எங்கே, யாருடைய பொறுப்பில் இருந்தது? அது தெரியும்படியான பழைய கலியாணப் படமோ, திருவிழாப் படமோ, வாங்கிய பற்றுச்சீட்டோ இருந்தால் பிரதி ஒன்று அனுப்புங்கள். இதைப் பண்டாரவன்னியன் காலத்தது என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் என்ன என்பதையும் எழுதுங்கள்.

விளக்கின் முழு உயரம், கிண்ணத்தின் அகலம், சங்கிலியின் நீளம், சங்கிலி இல்லாமல் நிறை எவ்வளவு என்பதைக் குறிப்பிடுங்கள். பற்றவைத்த இடம், ஒட்டு, துளை, மாற்றிய பாகம் இருந்தால் எவை, எப்போது செய்தவை என்று சொல்லுங்கள். கழுவாத நிலையில், கிண்ணத்தின் உள்பக்கம், அடிப்பக்கம், விளிம்பு முழுவதும், பறவையின் அடிப்பக்கம், சங்கிலியின் இரண்டு மூன்று வளையம் ஆகியவற்றைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். விளிம்பையும் அடியையும் எடுக்கும்போது அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்து எடுத்தால் பெரிய உதவி.

எழுத்து ஏதும் வெட்டியிருந்தால், தேய்ந்திருந்தாலும், அதைக் குறிப்பிடுங்கள்.

நேரில் வந்து பார்த்தபின் விளக்கை இரண்டு நாள் எங்களிடம் வைத்துப் பரிசோதிக்கவும், அதன்பிறகு எண்ணெய் ஊற்றிப் பார்க்கவும் சம்மதமா? முற்பணம் தருகிறோம். விற்பனையின்போது உங்கள் பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கத்துடன் இந்த விபரங்கள் அடங்கிய பற்றுச்சீட்டு தரமுடியுமா?”

இவ்வளவுதான் கடிதம். கதையை முதலில் கேட்டுப் படத்தைப் பிறகு கேட்பதில் காரணம் இருக்கிறது. நீங்கள் எதைத் தேடப்போகிறீர்கள் என்பதற்கு ஏற்றபடி அவர் கதையை எழுதிவிடக்கூடாது. அதனால்தான் “மண்ணில் புதைத்திருந்ததா?” என்று நேரடியாகக் கேட்கச் சொல்லவில்லை. எங்கே இருந்தது என்று பொதுவாகக் கேளுங்கள். அவர் வாயாலேயே வரட்டும்.

அந்தக் கேள்விக்கு வன்னியில் வரக்கூடிய பதில்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. சிலர் உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள். சிலர் வீட்டு வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேறியபின் தோண்டி எடுத்தார்கள். சிலருடையது மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்தது. விட்டுப்போன எத்தனையோ விளக்குகளைப் பழைய இரும்பு, பித்தளை எடுப்பவர்கள் நிறைக்கு வாங்கினார்கள், அல்லது ஆளில்லாத இடத்தில் பொறுக்கினார்கள். இதில் எந்தப் பதில் வந்தாலும் விசாரிக்க வழியிருக்கிறது. வன்னி வீட்டு விளக்கு என்று சொல்லிவிட்டு அந்த இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அங்கேதான் நிற்கவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு தூண்டாமணி வந்தது. வாங்கியவர் அதைத் தன் வீட்டுச் சாமியறைக்கு வாங்கியிருந்தார். விற்றவர் சொன்ன கதை, எண்பது வருடமாக ஒரே வீட்டில் தொங்கியது, ஒரு நாளும் வெளியே போகவில்லை என்பது. விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் நடுத்தண்டு பொருந்தும் குழியில் மணல் இறுகிக் கல்லுப்போல் ஒட்டியிருந்தது. தடித்த ஊசியால் கிளறினால் மணலோடு வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள், நகக்கண் அளவுகூட இல்லாதவை, உதிர்ந்தன. சாமியறையில் எண்பது வருடம் தொங்கிய விளக்கின் அடியில் கடற்கரை மணலுக்கு வேலையில்லை. சங்கிலியும் புதியது. வளையங்கள் எல்லாம் ஒரே தடிப்பு. ஒன்றோடொன்று உராயும் உள்வளைவில் தேய்வே இல்லை. பிறகு விளிம்பில் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தபோது, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் விளிம்பு லேசாகக் குழிந்து, மற்ற இடத்தைவிட மழமழவென்று இருந்தது. அரத்தால் தேய்த்த இடம். அதன் ஓரத்தில் “உப” என்ற இரண்டு எழுத்து தப்பியிருந்தது.

உபயம் என்ற சொல்லின் தொடக்கம் அது. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் விளிம்பிலோ அடியிலோ வெட்டிவிடுவது வழக்கம். ஆக அது ஒரு கோயில் விளக்கு, யாரோ அதை மறைத்திருக்கிறார்கள். வாங்கியவர் நல்ல மனிதர். கரையோரக் கிராமங்களில் விசாரித்தார். ஒரு கோயிலின் முன்னாள் தர்மகர்த்தா வீட்டில், அந்தக் கோயிலில் நடந்த ஒரு கலியாணப் படத்தில் பின்னால் அதே விளக்கு தொங்கியது. பறவையின் வால் ஒரு பக்கம் வளைந்திருந்ததால் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை. விளக்கு கோயிலுக்குத் திரும்பப் போனது. காசு வாங்கியவருக்குத் திரும்பவில்லை, ஏனென்றால் பற்றுச்சீட்டு எழுதிக்கொள்ளவில்லை. கடிதத்தின் கடைசி வரியை விட்டுவிடவேண்டாம் என்று சொல்வது அதனால்தான். களவு போன பொருளை நீங்கள் நல்ல விலை கொடுத்து, ஒன்றும் தெரியாமல் வாங்கியிருந்தாலும் அது உங்களுடையதாகிவிடாது. உரியவர் வந்தால் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் கோயில் விளக்கும் இப்படி எங்கோ ஒரு கடையில் தொங்கக்கூடும் என்பதை நீங்கள் நினைக்காமல் இருந்திருக்கமாட்டீர்கள். சபையில் பழைய திருவிழாப் படங்கள் இருந்தால், இந்த விளக்கின் படத்தை முதலில் அவற்றோடு வைத்துப் பாருங்கள்.

அப்புறம், பச்சை. படங்கள் வந்ததும் நீங்கள் தேடவேண்டியது இதைத்தான். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய விளக்கில் இரண்டு வகைப் பச்சை இருக்கும்.

ஒன்று எண்ணெய்ப் பச்சை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கிண்ணத்தில் நாட்கணக்கில் கிடக்கும்போது எண்ணெயின் அமிலமும் செம்பும் சேர்ந்து மெழுகுபோல ஒரு பச்சைக் களிம்பு உண்டாகும். கரும்பச்சை, விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகுபோலச் சுருண்டு வரும், ஒட்டும். அதன்மேல் கரியும் தூசியும் படிந்திருக்கும். திரி வைக்கும் மூக்குகளின் பக்கத்தில்தான் அதிகம். எரிந்த விளக்கு என்பதற்கு அது நல்ல சாட்சி. அதைக் கண்டு பயப்படவேண்டியதில்லை.

மற்றது உப்புப் பச்சை. வெளிறிய பச்சை, அரிசிமாவைத் தூவியதுபோலப் பொடியாக, புள்ளி புள்ளியாக இருக்கும். பல்லுக்குத்தும் குச்சியால் தொட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தில் ஒரு சின்னக் குழி தெரியும். துடைத்துவிட்டுப் போனால் சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறோம். பெயர் வெண்கலம் என்றாலும் பித்தளைக்கும் வரும். உப்பு மண்ணிலோ கடல்நீரிலோ கிடந்த உலோகத்துக்குள் குளோரைட்டு இறங்கிவிடுகிறது. பிறகு ஈரமும் காற்றும் படும்போதெல்லாம் அங்கே அமிலம் உண்டாகி, அது செம்பைத் தின்று, தின்றதிலிருந்து திரும்ப அமிலம் உண்டாகும். மண்ணிலிருந்து எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது பிழை. எடுத்தபிறகுதான் காற்றும் ஈரமும் தாராளமாகப் படுகின்றன. காற்றின் சாரீரப்பதன் நாற்பது வீதத்தைத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும். மாரிமழைக் காலத்தில் வன்னியில் அது எண்பதுக்கு மேல் போவது சாதாரணம்.

அதனால் கடற்கரைப் பக்கம் புதைந்து கிடந்த விளக்கு என்று விற்பவர் நேர்மையாகச் சொன்னால், அவரைச் சந்தேகிக்க வேண்டாம், விளக்கைச் சந்தேகியுங்கள். சொந்தக் குடும்பம் புதைத்து எடுத்த விளக்கு உரிமையில் குறையில்லாதது. அதே நேரம் அதற்கு நோய் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் நனைந்த வீட்டுச் சாமான்களுக்கும் இது பொருந்தும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்நாட்டு மண்ணில் இரண்டு மூன்று வருடம் கிடந்தது என்றால் ஆபத்து குறைவு. ஆனால் பார்க்காமல் விடமுடியாது.

பார்க்கிற வழி எளியது. அதற்குத்தான் இரண்டு நாள் கேட்டிருக்கிறோம். சங்கிலியைக் கழற்றிவிட்டு விளக்கை மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் நனைத்த பஞ்சை, விளக்கில் படாதபடி, பக்கத்தில் வைத்து இறுக மூடுங்கள். மூடுமுன் சந்தேகமான புள்ளிகளைக் கிட்டத்தில் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து அதே இடங்களைப் பாருங்கள். நோய் உயிரோடு இருந்தால் புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி எழும்பியிருக்கும், சில இடத்தில் பச்சை நீர்த்துளி நிற்கும். ஒன்றும் எழும்பவில்லை என்றால் நல்லது. ஆனாலும் தடித்த எண்ணெய்ப் படையின் அடியில் இருக்கும் நோயை இரண்டு நாள் ஈரம் எழுப்பாமல் விடலாம். அதற்காகத்தான் பற்றுச்சீட்டில் மூன்று மாதத் திருப்பியனுப்பும் உரிமை எழுதிக்கொள்ளச் சொல்வேன், முடிந்தால் ஒரு மாரி அடங்கும்படி.

நோய் இருந்தால் வாங்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். புள்ளி இரண்டு மூன்று என்றால் பராமரிப்பவர் ஒருவர் சுத்தம் செய்து, மருந்திட்டு, மெழுகிட்டு வைக்கலாம். அந்தச் செலவு விலையில் கழியவேண்டும். கிண்ணத்தின் அடி முழுக்கப் பொடி என்றால், தினமும் எரியும் கோயில் விளக்காக அது நிலைக்காது. எந்த நிலையிலும் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். மேலே பளபளக்கும், உள்ளே இருக்கும் உப்பு அப்படியே இருக்கும்.

பச்சையைப் பற்றி இன்னும் ஒன்று. பழமை தோன்றுவதற்காக அமிலமும் உப்பும் பூசிப் புதிய விளக்கைப் பச்சையாக்கி விற்பதும் நடக்கிறது. அப்படிச் செய்த பச்சை மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாக இருக்கும். கை பட்டுப் பட்டுத் தேய்ந்த விளக்கில் மேடு மினுங்கி, பறவையின் கண்ணும் சிறகுக் கோடும் மழுங்கி, பள்ளத்தில் மட்டும்தான் களிம்பு ஒதுங்கியிருக்கும். அடியில் மறைவான ஒரு இடத்தில், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். பச்சை பஞ்சோடு வந்தால் அது நிறம் கலந்த பூச்சு.

சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். மாற்றிய சங்கிலி குற்றமல்ல, எத்தனையோ நல்ல விளக்குகளில் மாற்றித்தான் இருக்கிறது. அதை அவர் சொன்னாரா என்பதே விஷயம்.

பறவையின் வயிறு இதைவிட முக்கியம். கோயிலில் எரிக்க வாங்குகிறீர்கள், பார்த்துக்கொண்டிருக்க அல்ல. தூண்டாமணியில் எண்ணெய் அந்த மூடிய வயிற்றுக்குள் இருக்கும். வெளியே வரும் துளை கிண்ணத்து எண்ணெயில் அமிழ்ந்திருக்கும்வரை உள்ளே காற்றுப் போக வழியில்லை, எண்ணெயும் இறங்காது. திரி குடித்து மட்டம் துளைக்குக் கீழே போனதும் ஒரு காற்றுக்குமிழி ஏறும், அந்த அளவுக்கு எண்ணெய் இறங்கித் துளையை மூடும், திரும்ப நின்றுவிடும். யாரும் தூண்டிவிடத் தேவையில்லை. இவ்வளவும் வயிறு காற்றுப் புகாமல் இருந்தால்தான். மேலே ஊசித்துளை ஒன்று விழுந்தாலும் எண்ணெய் நிற்காமல் இறங்கிக் கிண்ணம் வழிந்துவிடும். வன்னியில் சன்னம் பட்ட விளக்குகளில் ஈயம் வைத்து அடைத்த துளைகள் இருக்கும். அடைப்பின்மேல் நிறம் பூசியிருப்பார்கள். வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம், எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டிப் பரிசோதனை முடிந்தபிறகு, முன்னர் அல்ல, தேங்காயெண்ணெயை நிரப்பி நேராகத் தொங்கவிடுங்கள். மட்டம் துளைவரை ஏறி நிற்கவேண்டும். அரைமணிநேரம் அப்படியே விடுங்கள். பிறகு கிண்ணத்திலிருந்து இரண்டு மூன்று கரண்டி எண்ணெயை எடுங்கள். “குளுக்” என்று ஒரு சத்தம் கேட்டு, மட்டம் பழைய இடத்துக்கு வந்து நின்றால் வயிறு சுகமாக இருக்கிறது. அலங்காரத்துக்கென்று வார்த்த புதிய விளக்குகள் சிலவற்றில் பறவை வெறும் பொம்மை, துளையே இருக்காது. அது ஒன்றே அந்த விளக்கின் கதையைச் சொல்லிவிடும்.

வெண்கலமா பித்தளையா என்பதில் அதிகம் மினக்கெட வேண்டாம். ஊரில் வெண்கலம் என்று சொல்லும் விளக்குகளில் பெரும்பாலானவை பித்தளைதான். தேய்ந்த விளிம்பு எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் பித்தளை, சற்றுச் சிவந்து தவிட்டு நிறமாக இருந்தால் வெண்கலம் என்று ஓரளவுக்குச் சொல்லலாம். உலோகக் கலவையைச் சொல்லும் கருவிகள் உண்டு. அவை வார்த்த ஆண்டைச் சொல்லாது.

இனி அந்தப் பண்டாரவன்னியன் கதை. இதை எழுத்தில் கேட்கச் சொன்னது சும்மா அல்ல. பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டது 1803 ஒக்டோபர் 31 என்று அங்குள்ள கல் சொல்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள் அது. ஆகவே விற்பவர் விலைக்காகச் சொல்லும் அந்த ஒரு வசனம் உண்மையானால், விளக்கு சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருள் என்றால் காணிக்காரருக்குக்கூட அதில் தானாக உரிமை வராது, அறிவிக்கவேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். இப்படியான கலாசாரப் பொருள்களை வியாபாரமாக விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கிறது.

பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், ஆதாரத்தை எழுத்தில் கேட்டதும் இருநூறு வருடம் எழுபது எண்பது வருடமாக இறங்கிவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. எழுபது வருடம் ஒரு வீட்டில் எரிந்த விளக்கு கோயிலுக்கு நல்ல விளக்கு. ஆனால் விலையும் அதோடு இறங்கவேண்டும். இறங்காமல், உண்மையிலேயே அந்தக் காலத்தது என்று அவர் கையெழுத்து வைத்துச் சொன்னால், காசு கொடுக்குமுன் அந்தக் கடிதத்தையும் படங்களையும் தொல்பொருள் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் காட்டுங்கள். சபைக்கு அது பாதுகாப்பு.

பதில் வந்தபின் எப்படி வாசிப்பது? “பழைய வீட்டுச் சாமான், வேறு தெரியாது” என்று ஒரு வரி வந்தால் அதை மோசடி என்று உடனே எடுக்கவேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் நிறைக்கு வாங்கியவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த ஆண்டில், எந்த ஊர்ப் பக்கத்தில் எடுக்கும் ஆளிடம் வாங்கினேன், அதற்குமுன் தெரியாது என்று. அந்த நேர்மையோடு படங்களும் ஒத்துப்போனால், நீங்கள் அந்த ஊர்ப் பக்கத்துக் கோயில் சபைகள் இரண்டு மூன்றிடம் படத்தைக் காட்டி விசாரித்துவிட்டு வாங்கலாம். கிராம சேவையாளரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். யாரும் உரிமை கோரவில்லை என்றால் உங்கள் மனமும் அமைதியாக இருக்கும். ஆனால் முதலில் சாமியறைக் கதை சொன்னவர், கடிதம் கண்டபிறகு நிறைக்கு வாங்கியது என்றால், படத்தில் உபயம் தேய்த்த இடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பற்றுச்சீட்டில் அளவுகள், நிறை, குறைகள், அவர் சொன்ன வரலாறு, மூன்று மாதத்துக்குள் வெண்கல நோய் எழும்பினால் திரும்ப எடுப்பார் என்பது, பிறர் உரிமை நிரூபித்தால் முழுக் காசையும் திருப்புவார் என்பது, இவை இருக்கவேண்டும். இரண்டு சாட்சி. விளக்கின் நான்கு படத்தை அச்செடுத்துப் பின்பக்கம் இருவரும் கையெழுத்திட்டுச் சபையின் கோப்பில் வையுங்கள். உபயம் வெட்டுவதாக இருந்தால் மூன்று மாதம் முடியட்டும். வெட்டும்போது பழைய எழுத்து இருந்த இடத்தைத் தொடாமல் வேறு இடத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

விற்பவரின் பதிலும் படங்களும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். விளிம்புப் படம் தெளிவாக இல்லையென்றால் அதை மட்டும் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.